தவிலோடு சேர்ந்து விழும் சொல்: மாண்டேஜ் வர்ணனையைத் தாளத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதுவது

பினாங்கில் தைப்பூசத்துக்கு முன்பு ஒரு கோயில் இளைஞர் குழுவுக்காக 38 வினாடி மாண்டேஜ் ஒன்று செய்துகொண்டிருந்தேன். படங்கள் அடுக்கியாயிற்று, உறுமி மேளமும் தவிலும் கலந்த இசை வந்துவிட்டது, வர்ணனையும் கையில் இருந்தது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் குரல் கொடுத்தார். முதல் தடவை பதிவு செய்து இசையோடு ஓட்டிக் காட்டினேன். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "என்ன தம்பி, மேளம் முன்னால போகுது, நான் பின்னாலயே ஓடுறேன்?" என்றார்.

அவர் வாசிப்பில் பிழை இல்லை, இசையிலும் பிழை இல்லை. வாக்கியங்கள்தான் காகிதத்துக்காக எழுதப்பட்டவை. அவற்றை இசைக்காக எப்படித் திருப்பி எழுதினோம் என்பதை அந்த 38 வினாடியை வைத்தே சொல்கிறேன். இதில் முக்கால்வாசி தமிழ் வாக்கிய அமைப்பைப் பற்றியது. ஆங்கிலக் காணொளிகளில் சொல்லித்தரும் முறை நமக்கு அப்படியே உதவாததற்கு அதுவே காரணம்.

முதலில் இசையைக் கட்டிப்போடுங்கள்

இசை மாறினால் எழுதியதெல்லாம் மாறும். அதனால் எந்தப் பாடல், எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பது உறுதியான பிறகே பேனாவை எடுங்கள். எங்கள் இசை நிமிடத்துக்கு 100 பீட். நாலு பீட் சேர்ந்தால் ஒரு சுற்று, இசைக்காரர்கள் பார் என்பார்கள். மொத்தம் 16 சுற்று.

```
60 / 100   = 0.6
0.6 × 4    = 2.4
2.4 × 16   = 38.4
```

ஒரு பீட் 0.6 வினாடி, ஒரு சுற்று 2.4 வினாடி. காணொளி வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு பீட் சரியாக 15 ஃபிரேம். எல்லா வேகத்திலும் இப்படி முழு எண் கிடைக்காது. 120 பீட் என்றால் ஒன்றுக்கு 12.5 ஃபிரேம் வரும். அப்போது அரை ஃபிரேம் அங்கும் இங்கும் நகரும். அது காதுக்குத் தெரியாது, கவலை வேண்டாம்.

இசையை எடிட்டிங் டைம்லைனில் போட்டு, ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றின் முதல் பீட்டிலும் M விசையைத் தட்டி மார்க்கர் வையுங்கள். கணக்கு ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும். தாளம் காட்டும் க்ளிக் ஒலியைக் கேட்காமல் நேரடியாக வாசித்துப் பதிவு செய்த மேளமாக இருந்தால் வேகம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும், ஆட்டம் சூடு பிடிக்கும் இடத்தில் நிச்சயம் கூடும். அப்படிப்பட்ட இசையில் கணக்கை விட்டுவிட்டுக் காதையே நம்புங்கள்.

எல்லா பீட்டுக்கும் சொல் தேவையில்லை

புதிதாகச் செய்பவர்கள் சுற்றுக்கு ஒரு சொல்லைத் தாளத்தில் விழ வைக்கப் பார்க்கிறார்கள். கேட்டால் கட்டியக்காரன் கட்டியம் கூறுவதுபோல் இருக்கும். நாலாவது சொல்லிலேயே பார்ப்பவருக்கு வித்தை புரிந்துவிடும், அதற்குப் பிறகு அவர் பொருளைக் கேட்கமாட்டார்.

இசை எங்கே முகம் மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். எங்கள் இசையில் அப்படி மூன்று இடங்கள். முதல் நாலு சுற்று மணியோசை மட்டும். 5ஆம் சுற்றின் முதல் பீட்டில், அதாவது 9.6ஆவது வினாடியில், தவில் இறங்குகிறது. 9ஆம் சுற்றில், 19.2ஆவது வினாடியில், உறுமி சேர்கிறது. 12ஆம் சுற்றின் கடைசி இரண்டு பீட்டில் எல்லாம் நின்று ஒரு வெற்றிடம், பிறகு 28.8இல் மொத்த மேளமும் ஒன்றாக அடிக்கிறது. 38 வினாடிக்கு இந்த மூன்று இடமே போதும். மற்ற இடங்களில் குரல் இயல்பாகப் பேசிக்கொண்டு போகலாம், அல்லது சும்மா இருக்கலாம்.

குரலின் வேகத்தை எழுத்தால் அளப்பது

எத்தனை சொல் பிடிக்கும் என்று கணக்கிடுவது தமிழில் பயன்படாது. "தேர்" ஒரு சொல், "கொண்டுவரப்பட்டிருக்கின்றது" என்பதும் ஒரு சொல். நான் செய்வது இது: புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை மட்டும் எண்ணுவேன். தமிழில் அப்படி எண்ணினால் வாய் எத்தனை முறை திறக்கிறதோ அந்த எண்ணிக்கை கிடைத்துவிடும். "வெள்ளித் தேர்" என்பதில் வெ, ளி, தே, ஆக மூன்று. நெடில் கொஞ்சம் நீளும், சொல்லின் கடைசியில் வரும் உகரம் கொஞ்சம் குறையும். பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்குதான். ஒரு முழு வாக்கியத்தில் இந்தக் கூடுதலும் குறைவும் பெரும்பாலும் சமன் ஆகிவிடும்.

டீச்சரை அவர் வழக்கமான நிதானத்தில் பத்து வினாடி வாசிக்கச் சொல்லி எண்ணினேன். 55 எழுத்து வந்தது, வினாடிக்கு ஐந்தரை. ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று. மூச்சுக்கும் நிறுத்தத்துக்கும் இடம் விட்டு, நான் சுற்றுக்குப் பத்துக்கு மேல் எழுதுவதில்லை. உங்கள் குரலுக்கு உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள், அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

இப்போது எங்களுக்கு வந்த முதல் வாக்கியம்:

"1894ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட வெள்ளி ரதம், தைப்பூசத்திற்கு முதல் நாள் காலையில் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்படுகிறது."

நல்ல வாக்கியம், பத்திரிகையில் போடலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஆண்டை வாயால் சொன்னால் "ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு", பதினாலு எழுத்து. காகிதத்தில் சின்ன எண், வாயில் ஒரு சுற்றுக்கும் மேல். முழு வாக்கியமும் 64 எழுத்து, கிட்டத்தட்ட 11.6 வினாடி. "வெள்ளி ரதம்" ஐந்தரை வினாடியிலேயே, மணி மட்டும் ஒலிக்கும் இடத்தில், வந்து போய்விடுகிறது. 9.6இல் தவில் இறங்கும்போது டீச்சர் வாயில் இருப்பது "வீட்டிலிருந்து". தவில் ஒரு வேற்றுமை உருபுக்கு முழங்குகிறது. அவர் பின்னால் ஓடுவதாக உணர்ந்தது இதனால்தான்.

அன்று இரவு நான் குறுக்குவழி ஒன்று பார்த்தேன். பதிவான குரலையே மென்பொருளில் அழுத்தி வேகமாக்கினேன். நூற்றுக்கு மூன்று, நான்கு வரை தெரியவில்லை. பதினைந்து சதவீதம் போனதும் டீச்சரின் குரலில் இருந்த நிதானமே போய், அவசரத்தில் இருக்கும் வேறு யாரோ பேசுவதுபோல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வேகத்தைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். திருத்தம் எழுத்தில்தான் நடக்க வேண்டும்.

பின்னாலிருந்து எழுதுங்கள்

விழ வேண்டிய சொல்லை முதலில் மார்க்கரில் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் வருவதைப் பின்னோக்கி எழுதுவதே முறை. தமிழில் இதற்கு ஒரு தடை உண்டு, ஒரு வசதியும் உண்டு.

தடை, நம் வாக்கியம் வினையில் முடிவது. முக்கியமான பெயர்ச்சொல் நடுவில் எங்கோ வரும், முடிவில் "புறப்படுகிறது", "வரவேற்கின்றனர்" என்று ஆறேழு எழுத்து வால் நிற்கும். பெயரைத் தாளத்தில் வைத்தால் அந்த வால் தவிலுக்குள் மாட்டிக்கொள்ளும். வசதி, நம் பெயரெச்சம். "தேர் உருள்கிறது" என்பதை "உருளும் தேர்" என்று திருப்பினால் வினை முன்னால் போய்விடும், பெயர் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். செயப்பாட்டு வினையெல்லாம் இந்தத் திருப்பத்திலேயே உதிர்ந்துவிடும்.

எங்கள் முதல் பகுதி இப்படி ஆயிற்று:

"கடல் தாண்டி வந்து, நூறாண்டுக்கு மேலாக இந்தத் தெருவில் உருளும்… வெள்ளித் தேர்."

ஆண்டு எங்கே போயிற்று? திரையில். மணியோசை கேட்கும் நேரத்தில் 1894 என்று எழுத்தில் காட்டினோம். கண் அதை ஒரு நொடியில் படித்துவிடும். புறப்படும் நாளையும் இடத்தையும் சிறிய எழுத்தில் கீழே போட்டோம். வாயில் நீளும் எண்ணையும் இடப்பெயரையும் திரைக்கு அனுப்புவது தமிழ் வர்ணனையில் நான் செய்யும் முதல் வேலை.

"தேர்" என்ற சொல்லுக்கு முன்னால் 23 எழுத்து, அதாவது 4.2 வினாடி. "வந்து" என்பதற்குப் பிறகும் "உருளும்" என்பதற்குப் பிறகும் அரை அரை வினாடி நிறுத்தம். ஆக மொத்தம் 5.2. அதை 9.6இலிருந்து கழித்தால் 4.4. இரண்டு சுற்று முடியும் தறுவாயில் டீச்சர் வாயைத் திறக்க வேண்டும். அதுவரை மணி மட்டும், விளக்கு மட்டும், மாலை கட்டும் கைகள் மட்டும். அந்த மௌனம் திட்டமிட்டு வந்ததல்ல, கழித்தல் கணக்கில் கிடைத்தது. படத்துக்கு அதுவே நல்ல தொடக்கமாக அமைந்துவிட்டது.

எந்த எழுத்து பீட்டில் விழ வேண்டும்

முதலில் "வெள்ளி" என்பதன் முதல் எழுத்தைத் தவிலில் வைத்தோம். நேரம் துல்லியமாக இருந்தும் மழுங்கலாகக் கேட்டது. காரணம் வகரம். கீழுதடு மேற்பல்லோடு மெல்லச் சேர்ந்து மெல்லப் பிரியும் ஒலி அது, தொடக்கத்தில் விளிம்பே இல்லை. ய, ல, ம, ந என்று தொடங்கும் சொற்களும் இப்படித்தான். க, த, ப என்று தொடங்கும் வல்லின ஒலிகளில் ஒரு சின்ன வெடிப்பு இருக்கும். தவிலின் அடியோடு சேர்வது அந்த வெடிப்பு.

ஆகவே "வெள்ளி"யை பீட்டுக்கு முன்னால் தள்ளி, "தேர்" என்பதைத் தவிலில் வைத்தோம். கச்சேரியில் தாளத்துக்கு முன்பே பாட்டை எடுப்பதை அதீத எடுப்பு என்பார்களே, அதே அமைப்பு. இங்கே இடையில் வரும் "த்" செய்யும் வேலையைக் கவனியுங்கள். "வெள்ளித் தேர்" என்று ஒற்று மிகும் இடத்தில் நாக்கு பல்லில் ஒட்டி, ஒரு கணம் ஒலியே இல்லாமல் நிற்கும், பிறகு "தே" என்று திறக்கும். அலைவடிவத்தில் பார்த்தால் பீட்டுக்குச் சற்று முன் ஒரு குட்டி வெற்றிடம் தெரியும். தவில் அடிப்பவர் கையை ஓங்கும் நேரம் அது. வாசிப்பவர் ஒற்றை விட்டு "வெள்ளி தேர்" என்று சொன்னால் அந்த ஓங்கல் போய்விடும். டீச்சருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பள்ளியில் வருடக்கணக்காக ஒற்றைத் திருத்திக்கொண்டிருந்தவர்.

"தேர்" என்பதில் நெடில் இருப்பதும் உதவுகிறது. தவிலின் அடி அடங்கிய பிறகும் சொல் நீடிக்கிறது, ஆகவே காதில் நிற்கிறது.

எடிட்டிங்கில் நகர்த்தும்போது சொல்லின் விளிம்பை மார்க்கரில் ஒட்டாதீர்கள், உயிரொலி தொடங்கும் இடத்தை ஒட்டுங்கள். காது தாளமாகக் கேட்பது அதைத்தான். "தே" போன்றவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. "சா", "சி" என்று தொடங்கினால் சீறல் ஒலி இரண்டு மூன்று ஃபிரேம் முன்பே ஆரம்பித்துவிடும். அந்தச் சீறலை மார்க்கருக்கு முன்னால் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் சொல் தாமதமாக வந்ததாகத் தோன்றும்.

சொல்லாமல் விட்ட வினை

இரண்டாவது இடம் தேங்காய். வந்த வாக்கியம், "வழிநெடுக பக்தர்கள் ஆயிரக்கணக்கான தேங்காய்களை உடைத்து அதனை வரவேற்கின்றனர்." நான் முதலில் வழக்கப்படி திருப்பி, "உடையும் தேங்காய்" என்று எழுதி, "தேங்காய்" என்ற சொல்லை 19.2இல், உறுமி சேரும் இடத்தில் வைத்தேன். படத்திலும் அதே ஃபிரேமில் தேங்காய் தார்ச்சாலையில் சிதறுகிறது, அந்தச் சத்தமும் அங்கேயே. ஓட்டிப் பார்த்தால் சொல், சிதறல், உறுமி மூன்றும் ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டன. ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தும் சரியாகவில்லை. ஒரே பீட்டில் இரண்டு பெரிய ஒலிக்கு மேல் இடமில்லை.

அப்புறம்தான் டீச்சர் ஒரு வழி சொன்னார். "உடைக்கிறதத்தான் கண்ணால பாக்குறாங்களே தம்பி, நான் வேற எதுக்குச் சொல்லணும்?" சொல்லை எடுத்துவிட்டோம். மிஞ்சியது:

"தேர் வரும் வழியெல்லாம்…"

அவ்வளவுதான், ஏழு எழுத்து, 1.3 வினாடி. 18.6இல், அதாவது மார்க்கருக்கு ஒரு பீட் முன்னால், நின்றுவிடுகிறது. அந்த ஒரு பீட் காத்திருப்பு. பிறகு 19.2இல் உறுமியும் சிதறலும்.

இது வேலை செய்வதற்குக் காரணம் நம் மொழியேதான். தமிழ்க் காது வாக்கியத்தின் வினைக்காகக் கடைசிவரை காத்திருந்து பழகியது. "வழியெல்லாம்" என்று நின்றால் என்ன ஆகிறது என்ற கேள்வி அந்தரத்தில் தொங்கும். தேங்காய் தரையில் மோதும் படம் அந்த வினையின் இடத்தை நிரப்புகிறது. ஆனால் இரண்டு கட்டுப்பாடு உண்டு. நிறுத்தம் ஒரு பீட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வாசிப்பவர் மறந்துவிட்டார் என்று தோன்றும். அடுத்த படம் அந்தக் கேள்விக்கு நேரான பதிலாக இருக்க வேண்டும். அங்கே கூட்டத்தின் முகங்களைக் காட்டியிருந்தால் வாக்கியம் அறுந்துதான் போயிருக்கும். 38 வினாடியில் இதை ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள்.

வெற்றிடத்தில் எண்

மூன்றாவது, தண்ணீர்மலைக் கோயிலின் 513 படி. எண்ணைத் திரைக்கு அனுப்பலாம் என்று மேலே சொன்னேன். இதை மட்டும் வாயில் வைத்துக்கொண்டோம், ஏனென்றால் படி ஏறுபவருக்கு இந்த எண் முழங்காலில் தெரியும். "ஐந்நூற்றுப் பதின்மூன்று படி." படிக்கு முன் ஏழு எழுத்து, சுமார் 1.3 வினாடி, இரண்டு பீட்டுக்குக் கொஞ்சம் மேல்.

"படி" என்பதை 28.8இல், மொத்த மேளத்தோடு வைத்தால் காணாமல் போய்விடுகிறது. இரண்டும் குறில், அடி அடங்குமுன் சொல் முடிந்துவிடுகிறது. பெரிய அடியில் குறில் சொல்லை வைக்கக் கூடாது. ஆகவே ஒரு பீட் முன்னால் இழுத்து, 12ஆம் சுற்றின் நாலாவது பீட்டில், 28.2இல் வைத்தோம். எண் 26.9 அளவில் தொடங்குகிறது. மேளம் ஓயும்போது "ஐந்நூற்று", வெற்றிடத்துக்குள் "மூன்று படி". பின்னால் சின்னதாக மூச்சுவிடும் இடம். பிறகு 28.8இல் மேளமும், முதல் படியில் பதியும் வெறும் காலும். இசை நின்ற இடத்தில் குரல் தனியாக ஒலிப்பதால் எண் ஓர் எழுத்து சிதையாமல் கேட்கிறது.

அதற்குப் பிறகு கடைசி நாலு சுற்றுக்கும் வர்ணனை இல்லை. குழுவில் ஓர் அண்ணன் அங்கே வரலாறு இரண்டு வரி சேர்க்கலாம் என்றார். கூட்டத்தின் "வேல் வேல்" என்ற நேரடி ஒலி அங்கே இருந்தது. அதன் மேல் பேச எனக்கு மனம் வரவில்லை.

பதிவும் கலவையும்

எழுதி முடித்ததும் நல்ல மைக்கை எடுக்காதீர்கள். கைபேசியில் நீங்களே வாசித்துப் பதிந்து டைம்லைனில் வைத்துப் பாருங்கள். எங்கள் பிரதி மூன்று முறை மாறியது இந்தக் கட்டத்தில்தான், டீச்சரை மூன்று முறை அழைக்க வேண்டியிருக்கவில்லை.

உண்மைப் பதிவில் ஹெட்ஃபோன் ஒரு காதில் மட்டும் இருக்கட்டும், இசை மெல்ல ஓடட்டும். இரண்டு காதிலும் மேளம் கேட்டால் வாசிப்பவர் அதற்குப் போட்டியாகக் குரலை உயர்த்துவார். சொல் விழும் இடத்துக்கு இரண்டு சுற்று முன்னாலிருந்து ஓட்டுங்கள், தாளம் உடம்பில் ஏற அந்த நேரம் வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் மூன்று நாலு முறை எடுங்கள். துல்லியமாக விழச் சொல்லி நெருக்காதீர்கள். ஐந்தாறு ஃபிரேம் தள்ளி விழுந்தாலும், நிறுத்தம் இருக்கும் இடத்தில் வெட்டிச் சொல்லை நகர்த்திக்கொள்ளலாம். "உருளும்" என்பதற்குப் பின் அரை வினாடி நிறுத்தம் வைத்தது இதற்காகவும்தான். நிறுத்தமே இல்லாத வாக்கியத்தில் வெட்ட இடம் இருக்காது.

குரலையும் இசையையும் கலக்கும்போது ஒரே ஒரு ஆபத்து. பேச்சு வந்ததும் இசையைத் தானாகக் குறைக்கும் வசதியைப் போட்டால், "தேர்" என்ற சொல் வரும் அதே கணத்தில் தவிலையும் அது அமுக்கிவிடும். அத்தனை பாடுபட்டு இரண்டையும் சேர்த்து வைத்தது வீண். இந்தப் பகுதிக்கு மட்டும் கையால் செய்யுங்கள்: வாக்கியம் ஓடும்போது இசை கீழே இருக்கட்டும், "உருளும்" என்பதற்குப் பின் வரும் நிறுத்தத்தில் மேலே ஏற்றி, தவில் தன் முழு பலத்தோடு விழட்டும்.

கடைசிச் சோதனையை வேலை முடித்த அன்றே செய்யாதீர்கள். காது அதற்குள் பழகிப்போயிருக்கும். மறுநாள் காலை கைபேசி ஒலிபெருக்கியில், படத்தைப் பார்க்காமல், மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தில் சொல் தவறி விழுந்திருக்கிறது. எனக்கு "வழியெல்லாம்" என்ற இடத்தில் தயங்கியது. இரண்டு ஃபிரேம் முன்னால் தள்ளினேன், சரியாகிவிட்டது.